ஜலாலுதீன் பத்துத் தடவை எழுதிய விடை

ஜலாலுதீனைப் பற்றி எழுத எனக்குத் தகுதி இருக்கிறதா என்று கேட்டால், இல்லை. ஆனாலும் எழுதத்தான் போகிறேன். அவருக்கு நான் செய்ததை வேறு யாராவது எழுதினால் என்னைக் கொஞ்சம் நல்லவளாக்கி எழுதிவிடுவார்கள்.

நாகர்கோவிலை ஒட்டிய ஒரு தனியார் தொழில்நுட்பக் கல்லூரியில் உலோகவியல் நடத்துகிறேன். பெயர் கோமளவல்லி. சொந்த ஊர் சுசீந்திரத்துக்குப் பக்கம். அப்பாவுக்கு வயல், எனக்குச் சம்பளம். கோபம் மூக்கு நுனியில் இருக்கும். பதினோரு வருடமாக இதே பாடம். குறிப்பு நோட்டைத் திறக்காமலே நடத்துவேன் என்பதில் எனக்குப் பெருமை வேறு. அந்தப் பெருமையைத் தூக்கி அடுப்பில் போட.

வெளிநாட்டில் சுரங்கம், ஆலை என்று வேலை பார்த்தவர்களுக்காக எங்கள் கல்லூரி ஓராண்டுச் சான்றிதழ் படிப்பு ஒன்றை ஆரம்பித்தது. சனி, ஞாயிறு வகுப்பு. கேள்வித்தாளும் நாங்கள்தான், திருத்துவதும் நாங்கள்தான். முதல் வருடம் சேர்ந்த பதினான்கு பேரில் ஒருவர் ஜலாலுதீன். தேங்காய்ப்பட்டணத்துக்காரர். வயது நாற்பத்தாறு, என்னைவிட மூன்று வயது மூப்பு. முதல் நாள் வகுப்பு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

"செருப்பைப் போடுங்க காக்கா, இது என்ன பள்ளிவாசலா?" என்றேன். எங்கள் பக்கம் முஸ்லிம் அண்ணன்மாரைக் காக்கா என்றுதான் கூப்பிடுவோம்.

"இருக்கட்டும் டீச்சர். படிக்க வந்த எடமாக்கும்" என்றார்.

மற்ற எல்லோரும் என்னை மேடம் என்றுதான் கூப்பிடுவார்கள். அவருக்கு மட்டும் நான் டீச்சர்.

அவருடைய கதை சுருக்கமானது. வாப்பா கடலுக்குப் போனவர். இவருக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை. படகில் ஏறினாலே வாந்தி. கூட்டாளிகள் கேலி செய்தே இருபத்தொன்பது வயதில் அவரை ஓமானுக்கு விரட்டிவிட்டார்கள். மலைப்பக்கம் ஒரு செம்பு ஆலை. முதலில் வாய்க்கால் கழுவும் வேலை. அந்த வாய்க்காலில் தண்ணீர் ஓடாது, நுரை ஓடும். கழுவிக் கழுவி அந்த நுரையைப் பார்த்தே தொழிலைப் படித்துவிட்டார். மூன்றாவது வருடம் நுரைத் தொட்டிகளுக்கு ஆபரேட்டர். பதினாறு வருடம் மொத்தமாக அங்கே.

ஒப்பந்தம் முடிந்து ஊருக்கு வரும்போது மேனேஜர் சொல்லி அனுப்பியிருக்கிறார்: ஷிப்ட் பொறுப்பாளர் இடம் ஒன்று காலியாகப் போகிறது, நுரைப் பகுதி, வறுக்கும் உலை இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும், ஒரு சான்றிதழும் நேர்முகத்தில் நல்ல பதிலும் இருந்தால் இடம் உனக்குத்தான். இல்லையென்றால் இனிமேல் அங்கே இடம் கிடையாது, பழைய ஆபரேட்டர் வேலையை உள்ளூர்க்காரர்களுக்குக் கொடுத்தாயிற்று. ஜலாலுதீனின் மனைவி ஹமீதா பீவி இருந்த நகையில் பாதியை இந்தப் படிப்புக்காகக் கழற்றிக் கொடுத்தாள். இது அவரே ஒருநாள் இடைவேளையில் சொன்னது.

"அந்த எடம் மட்டும் கிட்டிச்சுன்னா டீச்சர், பொறுப்பாளர் சட்டை போட்டு நிப்பேன். இத்தன காலம் மேல நின்னு கைகாட்டினவன் எடத்துல நான் நிப்பேன்லா."

ஆசையைச் சொல்லும்போது அவருக்கு வெட்கம் வந்துவிடும். பிறகு சாயா டம்ளரை ஊதி, மேலே நிற்கும் நுரையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பார். பதினாறு வருடப் பழக்கம்.

ஐந்தாவது மாதம் எழுத்துப் பணி கொடுத்தேன். சல்பைடு தாதுவிலிருந்து செம்பு எடுப்பதில் நுரை மிதப்பு முறை, வறுத்தல் இரண்டையும் விளக்குக. ஒவ்வொன்றுக்கும் பத்து மதிப்பெண். பன்னிரண்டு எடுத்தால் தேர்ச்சி. தமிழில் எழுதலாம்.

ஜலாலுதீனின் விடைத்தாளைப் படிக்க ஆரம்பித்தபோது சாப்பாட்டை மறந்துவிட்டேன், சத்தியமாக. கையெழுத்து கோழி கிண்டினமாதிரி. ஆனால் விஷயம்! தாதுவை நொறுக்கி, தண்ணீர் சேர்த்து ஆலையில் மாவாக அரைக்கிறார். 'மாவு தடிச்சா செம்பு கல்லுக்குள்ளேயே ஒளிஞ்சிரும், ரொம்ப நைசானா குமிழில ஒட்டாம வழுக்கிப் போயிரும்' என்று எழுதியிருந்தார். சுண்ணாம்பைக் கலந்து குழம்பைக் காரமாக்குகிறார். ஏனென்றால் இரும்பும் கந்தகமும் மட்டும் சேர்ந்த தாது ஒன்று பார்க்கப் பொன் மாதிரி மினுக்கிக்கொண்டு செம்புத் தாதுவோடு கூடவே மேலே ஏறப் பார்க்கும். சுண்ணாம்பு அதைக் கீழேயே அமுக்கிவிடும். பிறகு சேந்தேட்டு என்கிற மருந்து. அது செம்புத் தாதுத் துகளின் மேல் படிந்து, அதைத் தண்ணீர் ஒட்டாததாக்கிவிடுகிறது. பிறகு நுரை நிற்க பைன் எண்ணெய் சில சொட்டு. அடியிலிருந்து காற்றை விட்டால், தண்ணீர் பிடிக்காத துகள் குமிழியைப் பிடித்துக்கொண்டு மேலே வரும். மண்ணும் கல்லும் நனைந்து கீழே போகும். நுரையை வழித்து, தண்ணீரை இறுத்தால், நூறு பங்கில் ஒரு பங்கு செம்பு இருந்த கல், இருபத்தைந்து பங்கு செம்பு உள்ள மாவாகிவிடும்.

'எண்ணெயைக் கூடுதல் விட்டா நுரை பொங்கும், பாக்க சந்தோசமா இருக்கும், ஆனா உள்ள மண்ணும் கூட ஏறியிருக்கும். நுரையோட உயரத்தைப் பாத்து ஏமாறக்கூடாது' என்று கடைசியில் ஒரு வரி. எந்தப் புத்தகத்திலும் எனக்குக் கிடைக்காத வரி. ஒன்பது போட்டேன். பத்துப் போட மனசு வரவில்லை, என் குணம் அப்படி.

அடுத்தது வறுத்தல். அவர் எழுதியிருந்தது இவ்வளவுதான்: 'நுரை மாவை உலையில போட்டு, உருகாம, காற்று கொடுத்து வறுக்கணும். கந்தகத்துல ஒரு பங்கு புகையாப் போகும். ஆர்சனிக் இருந்தா அதுவும் போகும். இரும்புல ஒரு பங்கு ஆக்சைடு ஆகும். ஆனா கந்தகம் முழுசையும் எரிச்சிரக் கூடாது. கொஞ்சம் மிச்சம் வைக்கணும். இல்லன்னா அடுத்த உலையில செம்பு கசடோட சேந்து போயிரும். இது என் ரூம்காரன் ஷாஜன் சொன்னது, அவன் உலைக்காரன்.'

எனக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு எரிச்சல் வந்ததோ. தேர்வுத்தாளில் ரூம்காரனா சாட்சி? என் விடைக்குறிப்பில் பளிச்சென்று இருந்தது: வறுத்தலில் சல்பைடு தாது முழுவதும் ஆக்சைடாக மாறுகிறது. சிவப்பு மையால் அத்தனை வரியையும் குறுக்காக அடித்தேன். பக்கத்தில் பூஜ்யம். மொத்தம் ஒன்பது. தேர்ச்சி இல்லை.

மறு சனிக்கிழமை தாளைப் பிடித்துக்கொண்டு அவர் என் மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"டீச்சர், இந்த ரெண்டாவது பாகம்… இன்னொருக்கா பாக்க முடியுமா?"

"பாத்துத்தான் போட்டேன் காக்கா."

"இல்ல, ஷாஜன் அங்க உலையிலயே நிக்கக்கூடியவன். அவன் சொல்லுதான்…"

"அப்போ அவருகிட்டயே சான்றிதழ் வாங்கிக்கோங்க!"

வகுப்பே திரும்பிப் பார்த்தது. அவர் முகம் சிவந்துவிட்டது. எனக்கும் கொஞ்சம் சங்கடமாகிவிட்டது, ஆனால் இறங்கிவருவது நம் ரத்தத்தில் இல்லையே. பத்து நாளைக்குள் திருப்பி எழுதித் தரலாம் என்று விதி இருந்தது. அதைச் சொன்னேன். சொன்னதோடு நின்றிருக்கலாம்.

"கந்தகம் ஒரு பொட்டு மிஞ்சக்கூடாது. எல்லாம் ஆக்சைடு. இதை வீட்டில போய்ப் பத்துத் தடவை எழுதிப் பாருங்க, மண்டையில ஏறும்."

நாற்பத்தாறு வயது ஆளிடம் சொன்னேன் இதை. பதினாறு வருடம் அந்த ஆலையில் நின்றவரிடம்.

"செரி டீச்சர். நீங்க படிச்சவங்க. நான் நுரை அள்ளினவன்லா" என்றார். குரலில் குத்தல் ஏதுமில்லை. மனதாரத்தான் சொன்னார்.

அடுத்த வாரம் திருத்தி எழுதித் தந்தார். என் விடைக்குறிப்பு வார்த்தைக்கு வார்த்தை இருந்தது. ஷாஜன் இல்லை. பத்தொன்பது போட்டேன். ஆசிரியர் அறையில் எல்லோரிடமும் காட்டிப் பெருமையடித்தேன்.

வருடக் கடைசியில் சான்றிதழ் வாங்கினார். அன்று மட்டும் வெள்ளைச் சட்டை, செருப்பு. நேர்முகம் வீடியோவில் நடக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார். ஒரு மாதம் கழித்து நானே கூப்பிட்டேன்.

"கிட்டல்ல டீச்சர்" என்றார்.

"என்ன ஆச்சு?"

"என்னவோ. நம்ம பங்கு இல்ல."

இங்கிலீஷ் காலை வாரியிருக்கும் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். முதல்வர் செல்வதாஸ் சாரிடம்கூட, "தொழில் தெரிஞ்ச ஆளு சார், பாவம், பேச வராது" என்று உச்சுக்கொட்டினேன். தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்தில் ஒரு ஐஸ் கம்பெனியில் மோட்டார் பார்க்கிறார் என்று பிறகு கேள்விப்பட்டேன். வருத்தமாக இருந்தது. என் வருத்தத்தை நினைத்தால் இப்போது எனக்கே அறைய வேண்டும்போல் இருக்கிறது.

மறு வருடம் பகல்நேர மாணவர்களுக்கு அதே பாடம். முதல் பெஞ்சில் ஜெஸ்பின் என்று ஒரு பெண். மெலிந்த உடம்பு, நீளமான கேள்விகள்.

"மேடம், ஒரு சந்தேகம். போன வாரம் வறுத்தல்ல எல்லாச் சல்பைடும் ஆக்சைடு ஆயிரும்னு சொன்னியோ."

"ஆமா."

"இன்னைக்கு உருக்குற உலையில அடியில தங்கக்கூடிய மேட்டுங்கிற குழம்புல செம்பு சல்பைடும் இரும்பு சல்பைடும் இருக்குன்னு சொல்லுதியோ. கந்தகம் எல்லாம் போன வாரமே போயிட்டுல்லா? இப்பம் எங்கேந்து வந்துது?"

வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. "உட்காரு, நாளைக்குச் சொல்லுதேன்" என்றேன். பதினோரு வருடத்தில் நான் நாளைக்கு என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

வறுத்தல் நான்காம் பாடம். மேட் ஐந்தாம் பாடம். நான்காம் பாடத்தை முடித்துவிட்டு ஐந்தாம் பாடத்தைத் திறப்பேன். இரண்டையும் ஒருநாளாவது பக்கத்தில் வைத்துப் பார்த்ததே இல்லை. அன்று நூலகத்தில் உட்கார்ந்து தடித் தடியான நான்கு புத்தகங்களை விரித்தேன். நான்கும் ஒன்றையே சொல்லின. துத்தநாகத் தாது என்றால் வறுத்து முழுக்க ஆக்சைடாக்க வேண்டியதுதான், பிறகு கரியால் பிரிக்கலாம். செம்பு அப்படியில்லை. உருக்கி எடுக்கப் போகும் செம்புத் தாதுவைப் பாதிதான் வறுக்க வேண்டும். இரும்புக்குத்தான் ஆக்சிஜன் மேல் ஆசை அதிகம். கந்தகம் கொஞ்சம் மிச்சம் இருந்தால், இரும்பு ஆக்சைடாகி மணலோடு சேர்ந்து கசடாக ஒதுங்கும், செம்பு சல்பைடாகவே பத்திரமாகக் கீழே மேட்டில் தங்கும். கந்தகத்தை முழுசாகத் துரத்திவிட்டால் செம்பும் ஆக்சைடாகிக் கசடோடு போய்விடும். முழுக்க வறுப்பதும் உண்டு, ஆனால் அது அமிலத்தில் கரைத்து எடுக்கும் வேறு வழிக்கு.

முதல் வருடம் வேலைக்குச் சேர்ந்த அவசரத்தில், துத்தநாகத்துக்கு எழுதிய வரியை நான் எல்லாத் தாதுவுக்கும் பொதுவாக்கிவிட்டிருந்தேன். அன்றிலிருந்து நோட்டைத் திறக்கவில்லை. அதுதானே என் பெருமை!

ஷாஜன் சொன்னது சரி. ஜலாலுதீன் எழுதியது சரி. பூஜ்யம் என்னுடையது.

அலமாரியிலிருந்து பழைய கட்டை இழுத்தேன். அவருடைய முதல் தாள் இருந்தது. 'கொஞ்சம் மிச்சம் வைக்கணும்' என்ற வரியின் மேல் என் சிவப்புக் கோடு காகிதம் கிழியும் அளவுக்கு அழுந்தியிருந்தது. அழுதேன். யாராவது கண்டால் காண்கிறார்கள் என்று உட்கார்ந்து அழுதேன். அப்போதும் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது அந்தப் பூஜ்யமும் வகுப்பு முன்னால் அவரை அவமானப்படுத்தியதும்தான். வேலை போனதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கும் என்று தோன்றவேயில்லை.

மறுநாள் ஜெஸ்பினை எழுப்பி, "ஏட்டி, நீ கேட்டதுதான் சரி, நான் சொன்னது தப்பு" என்று வகுப்பில் சொன்னேன். அது சுலபமாகத்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை தாளை எடுத்துக்கொண்டு தேங்காய்ப்பட்டணத்துக்குப் பஸ் ஏறினேன்.

காலை பத்து மணி. துறைமுகத்தில் ஏலம் முடிந்து ஈரமாகக் கிடந்தது. ஐஸ் கம்பெனி வாசலில் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றவர் என்னைக் கண்டதும் அவசரமாக மடிப்பை இறக்கிவிட்டார்.

"யாரு, டீச்சரா! என்ன இந்தப் பக்கம்? வாருங்கோ, வீட்டுக்குப் போவலாம், பக்கம்தான்."

வீட்டில் ஹமீதா பீவி நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். கழுத்தில் ஒரு கருகமணி மட்டும். சாயா வந்தது. எனக்கு இறங்கவில்லை. தாளை எடுத்து மேஜையில் விரித்து, எங்கேயும் நிறுத்தாமல் சொல்லி முடித்தேன். நீங்க எழுதினது சரி, என் குறிப்பு தப்பு, எல்லார் முன்னாலயும் அப்படிப் பேசினேன், மன்னிக்கணும்.

அவர் தாளைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். முகத்தில் கோபம் வரும் என்று காத்திருந்தேன். வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஹமீதா பீவிதான் பேசினாள். "அப்பம் அந்தக் கேள்விக்கு இவுக முதல்ல எழுதினதாக்கும் சரி?"

"எந்தக் கேள்வி?" என்றேன்.

"விடு ஹமீதா" என்றார் அவர்.

"என்னத்த விட? டீச்சர் வந்திருக்காவல்லா, தெரிஞ்சிக்கிடட்டும்." அவள் என்னைப் பார்த்துச் சொன்னாள். "அந்த வீடியோவில மூணு கேள்வியாக்கும் கேட்டாவ. நான் கதவுப் பக்கம் நின்னு கேட்டேன். ரெண்டு நுரையைப் பத்தி. இவுக சொன்னதும் அவிய சிரிச்சிட்டு கொள்ளாம், நல்லாருக்குன்னாவ. மூணாவது வறுக்குத உலை."

சாயா டம்ளரைத் தள்ளி வைத்தேன்.

"கந்தகத்துல எவ்வளவு எடுக்கணும்னு கேட்டாரு" என்றார் ஜலாலுதீன், தாளைவிட்டுக் கண்ணை எடுக்காமல். "முழுசும்னேன். ஒரு பொட்டு மிஞ்சக்கூடாதுன்னேன். மேனேஜரு நம்ம பழைய ஆளு, இங்க்லீஷும் வேண்டாம், இந்தியிலதான் கேட்டாரு. ஜலால், யோசிச்சுச் சொல்லுன்னாரு. ரெண்டு தடவை கேட்டாரு. ரெண்டு தடவையும் அதையே சொன்னேன்."

"காக்கா, உங்களுக்குத்தான் தெரியுமே! ஷாஜன் சொல்லியிருந்தாரே!"

கத்திவிட்டேன். அங்கேயும் கத்தினேன் பாருங்கள்.

"தெரியும் டீச்சர். ஆனா நீங்க சொன்னபடிக்கு பத்துத் தடவை எழுதினேன்லா. மண்டையில ஏறிட்டு."

அவர் சிரிக்க முயன்றார். இங்கிலீஷ் வராது, பாவம் என்று நான் ஊரெல்லாம் சொன்ன மனிதர் இவர். உலையைப் பற்றி ஒன்றும் தெரியாமல் மொத்தக் கந்தகத்தையும் எரிக்கச் சொல்லும் ஆளிடம் யார்தான் உலையைக் கொடுப்பார்கள்? நானாக இருந்தாலும் கொடுக்கமாட்டேன்.

கம்பெனிக்கு நான் கடிதம் எழுதுகிறேன் என்றேன். முதல்வரிடம் கையெழுத்து வாங்கித் தருகிறேன் என்றேன். அந்த இடம் அப்போதே நிரம்பிவிட்டது என்றார், ஆறுதல் சொல்வதுபோல. (பிறகு எழுதவும் எழுதினேன். நன்றி, இப்போது காலியிடம் இல்லை என்று இரண்டு வரி வந்தது.)

"எனக்காக ஏதாவது செய்யணும்னா டீச்சர்," என்று தயங்கினார், "ஒண்ணு செய்வியளா?"

"சொல்லுங்க. என்ன வேணும்னாலும்."

"ஷாஜனுட்ட நான் இப்பம் பேசுகதில்ல. இன்டர்வியூ முடிஞ்ச அன்னைக்கு அவன் கூப்பிட்டு, ஏலே, நான் சொல்லித்தந்தத வுட்டுட்டு என்னத்த சொல்லிட்டு வந்தன்னு ஏசினான். எங்க டீச்சர் தப்பாச் சொல்லமாட்டாவ, நீ பத்தாங்கிளாஸ் தோத்தவன், உனக்கு என்ன தெரியும்னு கேட்டுட்டேன். பன்னெண்டு வருசம் ஒரே ரூமு. ஒரே சட்டியில உண்டவங்க. அதுக்குப் பொறவு ரெண்டுபேரும் கூப்பிடல்ல."

போனை எடுத்து எண்ணை அழுத்தினார். ஓமானில் மணி அடிக்கும் சத்தம் கேட்டது. அவர் ஒன்றும் பேசாமல் போனை என்னிடம் நீட்டினார்.

"ஹலோ? ஏலே ஜலாலு?" என்றது ஒரு கரகரத்த குரல். அந்த ஒரு கூப்பிடலில் இருந்த சந்தோஷத்தை என்னால் தாங்க முடியவில்லை.

"ஜலாலுதீன் இல்லைங்க. நான் அவரோட டீச்சர். கோமளவல்லி." தாளை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். "வறுத்தலைப் பத்தி நீங்க சொன்னதுதான் சரி. நான் சொன்னது தப்பு."

அந்தப் பக்கம் பின்னால் ஏதோ இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

"இது அவனுக்குத் தெரியுமா?" என்று கேட்டார் ஷாஜன்.

"இப்போதான் சொன்னேன்."

"டீச்சரே, இப்பம் சொல்லி அவனுக்கு என்ன கிட்டும்?"

பதினோரு வருடமாகக் கேள்வி கேட்டுப் பதிலுக்கு மதிப்பெண் போட்டவள் நான். போனை ஜலாலுதீனின் கையில் கொடுத்துவிட்டு, ஆறிப்போன சாயாவை எடுத்துக் குடித்தேன்.